பள்ளிச் சீருடை மொத்த விற்பனை: சாம்பிள் முதல் பாக்கி வரை

தனியார் பள்ளிகளின் சீருடை ஆர்டர் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிவாகிறது. மார்ச், ஏப்ரலில் துணி வெட்டப்பட்டுத் தைக்கப்படுகிறது. பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்பே சரக்கு பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கோ கல்விக் கட்டணம் கைக்கு வருவது ஜூனுக்குப் பிறகுதான். ஆகவே தைப்பவர் கோடையில் போட்ட முதலைப் பள்ளி மழைக்காலத்தில்தான் திருப்பித் தருகிறது. துணி, தையல், பட்டன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். இந்தக் காத்திருப்பு எந்த இன்வாய்ஸிலும் ஒரு வரியாக வருவதில்லை. இணையம் வழியாக ஆர்டர் பிடிக்கத் தொடங்கும் சிறு தையல் நிறுவனங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அரசுப் பள்ளிகள் இந்தச் சந்தைக்குள் வருவதில்லை. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த 1 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடையை அரசே வழங்குகிறது. கூட்டுறவுச் சங்கங்களின் விசைத்தறிகளில் துணி நெய்யப்பட்டு, சமூக நலத் துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுகிறது. மத்திய அரசு நிறுவனங்களின் கொள்முதல் 2016இல் தொடங்கிய ஜெம் தளத்தில் ஏலமாக நடக்கிறது. அதன் விதிகள் வேறு. எனவே தனி விற்பனையாளருக்கு எஞ்சுவது மெட்ரிக், சிபிஎஸ்இ, சுயநிதிப் பள்ளிகளும் விடுதிகளும்.

இந்தியாமார்ட், டிரேடுஇந்தியா போன்ற தளங்களிலும் சொந்த இணையப் பக்கத்திலும் வரும் விசாரணைகளில் ஆர்டராக மாறுவது சொற்பம். ஒரே விசாரணை ஒரே நேரத்தில் பல விற்பனையாளர்களுக்குப் போகிறது. கேட்பவர் பள்ளியாக இல்லாமல் இன்னொரு வியாபாரியாகவும் இருக்கலாம். ஏற்கெனவே தைத்துத் தருபவரிடம் விலையைக் குறைக்க ஒரு தாள் தேவைப்படும் பள்ளி மேலாளராகவும் இருக்கலாம். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இதை ஓரளவு பிரித்துவிட முடியும். உண்மையாக வாங்க வருபவர் மாணவர் எண்ணிக்கை, வகுப்புவாரியான மாதிரி, இப்போதைய சீருடையில் உள்ள குறை, வேண்டிய தேதி ஆகியவற்றைத் தானாகவே சொல்வார். “ஒரு செட் என்ன ரேட்?” என்று மட்டும் கேட்பவருக்கு முழு கொட்டேஷன் தயாரிப்பது வீண். சப்ளையர் பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் ‘பள்ளி’யும் உண்டு. அது மோசடி, மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

பள்ளி உண்மையானதா என்று பார்க்க இரண்டு வழிகள் எளியவை. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். சிபிஎஸ்இ பள்ளி என்றால் வாரியத்தின் இணைப்புப் பட்டியலில் பெயர் இருக்கும். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வாங்குபவர் யார்? பெயர்ப் பலகையில் இருப்பது பள்ளியின் பெயர். சட்டப்படி சரக்கை வாங்குவதும் காசோலை கொடுப்பதும் அதை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோதான். பர்ச்சேஸ் ஆர்டர் அந்த அறக்கட்டளையின் பெயரில், பான் எண்ணோடு, தாளாளர் அல்லது அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தோடு வர வேண்டும். தலைமையாசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய “ஓகே சார், தைக்க ஆரம்பிங்க” என்ற செய்தியை நம்பிக் கத்தரி வைத்தவர்கள், தாளாளர் மாறியதும் ஆர்டரே இல்லை என்ற பதிலைக் கேட்க நேரும்.

அடுத்த படி சாம்பிள். இதுவும் ஒரே தடவையில் முடியும் வேலையல்ல. மூன்று கட்டமாக நடக்கிறது.

முதலில் துணித் துண்டுகள் போகும். சட்டைக்குப் பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. பேன்ட்டுக்கும் பாவாடைக்கும் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. விளையாட்டு டி-ஷர்ட் என்றால் திருப்பூர்ப் பின்னலாடைத் துணி. நிறத்தைக் கைபேசிப் படத்தில் காட்டி ஒப்புதல் வாங்குவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. நேவி நீலம் ஒரு திரையில் கறுப்பாகவும் இன்னொன்றில் ஊதாவாகவும் தெரியும். டியூப்லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்கள் வெயிலில் வேறாகிவிடுவதும் உண்டு. துண்டைக் கூரியரில் அனுப்பி, பகல் வெளிச்சத்தில் பழைய சீருடையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வதே சரி.

துணியை விற்பனையாளரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. துணியில் பேனாவால் 50 செ.மீ. சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்து, காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். சதுரத்தின் பக்கம் 48.5 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 3 சதவீதம். கேட்கும்போது சிறிதாகத் தோன்றும். 90 செ.மீ. நீளமுள்ள பேன்ட்டில் அது 2.7 செ.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்கும் மேல். ஜூனில் கணுக்காலைத் தொட்ட பேன்ட் ஜூலையில் ஏறி நிற்கும். சாயத்துக்கு ஈர வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும். கைக்குட்டையில் நிறம் ஏறினால், அந்தப் பேன்ட்டோடு ஒரே வாளியில் ஊறும் வெள்ளைச் சட்டையிலும் ஏறும்.

இரண்டாம் கட்டம், தைத்த மாதிரி. காலர், பாக்கெட், லோகோ எம்பிராய்டரி, பட்டன், உள்மடிப்பு எல்லாம் இதில் தீர்மானமாகின்றன. வளரும் பிள்ளைகளுக்கான உடை என்பதால் பேன்ட்டின் அடியிலும் பாவாடையிலும் பிரித்து இறக்கும்படி இரண்டு அங்குல மடிப்பு விடச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அந்த இரண்டு அங்குலம் ஆயிரம் பேன்ட்டுக்குச் சேர்ந்தால் ஐம்பது மீட்டருக்கு மேல் துணி. சாம்பிளில் மடிப்பைக் காட்டிவிட்டு விலையில் கணக்கிட மறந்தால், இழப்பு தைப்பவருக்கு.

மூன்றாம் கட்டம் சைஸ் செட். எல்லா அளவுகளிலும் ஒவ்வொன்று தைத்துப் பள்ளிக்கு அனுப்ப, பிள்ளைகள் வகுப்புவாரியாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் பட்டியலில் குறிப்பார். வயதை வைத்து அளவை ஊகிப்பது ஓடாது. ஆறாம் வகுப்பில் 28 அங்குல மார்பளவும் 36 அங்குல மார்பளவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். சைஸ் செட்டுக்குச் சோம்பல்பட்டால் மாற்றித் தர வேண்டிய உருப்படிகள் கூடும். அவை பணத்தையும் எப்படி நிறுத்திவைக்கின்றன என்பது பின்னால் வருகிறது.

ஒப்புதலான சாம்பிளில் இரண்டு தைத்து, இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட அட்டையைக் கோத்து, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றைத் தையல் கூடத்திலும் வைப்பது வழக்கம். இதையே சீல் செய்த சாம்பிள் என்பார்கள். பின்னால் “நாங்கள் கேட்டது இது இல்லை” என்ற பேச்சு வரும்போது பதில் சொல்வது அந்த ஒரு சட்டைதான். சாம்பிளை இலவசமாகத் தருவதை விட, கட்டணம் வாங்கி ஆர்டரில் கழித்துக்கொள்வது நல்லது. வாங்கும் எண்ணம் இல்லாதவர் கட்டணம் என்றதும் விலகிக்கொள்வார்.

சாம்பிளில் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. சாயம் தொகுதி தொகுதியாக ஏறுகிறது. ஒரே ஆலையின் ஒரே நிற எண் என்றாலும் பிப்ரவரித் தொகுதியும் ஆகஸ்டுத் தொகுதியும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. ஆகஸ்டில் புதிதாகச் சேர்ந்த நாற்பது பிள்ளைகளுக்குத் தைத்தால், பிரேயர் வரிசையில் அவர்கள் தனியாகத் தெரிவார்கள். அனுபவப்பட்டவர்கள் முதலில் வாங்கும்போதே ஐந்து முதல் எட்டு சதவீதம் துணியைக் கூடுதலாக எடுத்து ஒதுக்கிவைப்பார்கள். அதில் முடங்கும் பணமும் விலைக்குள் வந்தாக வேண்டும்.

இனி கொட்டேஷன். விலை மட்டும் எழுதிய தாளை கொட்டேஷன் என்று சொல்ல முடியாது. துணியின் கலவையும் எடையும், சீல் செய்த சாம்பிளின் எண், அளவு கூடக் கூட விலை எப்படிக் கூடும் என்பது, எத்தனை சதவீதம் உருப்படிகளை இலவசமாக மாற்றித் தரப்படும் என்பது, இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். நூல் விலை ஏறி இறங்குவதால் செல்லுபடி நாள் இல்லாத கொட்டேஷன் ஆபத்தானது. டிசம்பரில் கொடுத்த விலையை மார்ச்சில் நீட்டினாலும் மறுக்க முடியாது. வரி தனியா உள்ளடக்கமா என்பதும் தெளிவாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்று 2,500 ரூபாய்க்கு மிகாத ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சீருடை அநேகமாக இதற்குள் அடங்கிவிடும். பள்ளிக் கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், இந்த வரியைப் பள்ளி உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. பள்ளியின் பார்வையில் வரியும் விலைதான். ஆகவே “பிளஸ் ஜிஎஸ்டி” என்று கடைசி வரியில் எழுதி வைப்பது பேரத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வைக்கும்.

கடன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். 800 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு செட், மொத்தம் 1,600 செட். சராசரி விலை செட்டுக்கு 700 ரூபாய் என்றால் 11,20,000. ஜிஎஸ்டி 56,000 சேர்த்து இன்வாய்ஸ் 11,76,000 ரூபாய். தைப்பவருக்கு ஆகும் செலவு செட்டுக்கு 600 என்று வைத்தால் 9,60,000. காகிதத்தில் லாபம் 1,60,000.

பள்ளி சொல்லும் நிபந்தனை: 25 சதவீதம் அட்வான்ஸ், மீதி டெலிவரி முடிந்து 90 நாளில். அட்வான்ஸாக வருவது 2,94,000. தைப்பவர் வெளியே விடுவது செலவு 9,60,000, வரி 56,000, ஆக 10,16,000. இந்த வரியில் ஒரு பகுதியைத் துணி வாங்கும்போதே கொடுத்திருப்பார். மீதியைச் சரக்கு போன மறு மாதம் அரசுக்குக் கட்டுவார். சரக்குக்கான ஜிஎஸ்டி இன்வாய்ஸ் தேதியில் விழுகிறது. பள்ளி பணம் கொடுத்ததா என்று அது பார்ப்பதில்லை. மே 15இல் சரக்கு போனால், மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் ஜூன் 20க்குள் கட்டியாக வேண்டும். ஆக, அட்வான்ஸ் போகக் கையிலிருந்து முடங்குவது 7,22,000 ரூபாய்.

செலவு மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் இறுதி வரை பரவியிருப்பதால் சராசரியாக மார்ச் கடைசியில் முடங்கியதாகக் கொள்ளலாம். பணம் சொன்னபடி ஆகஸ்ட் 13இல் வந்தாலும் நாலரை மாதம். மாதம் ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் வட்டி 48,735 ரூபாய். லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இன்னும் பள்ளி ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. பணம் டிசம்பர் நடுவில் வந்தால் மேலும் நான்கு மாத வட்டி 43,320 சேரும். 1,60,000இல் மிஞ்சுவது 68,000 ரூபாய்க்கும் குறைவு.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கடனுக்கு ஒரு விலை கிடைக்கிறது. டெலிவரிக்குப் பிந்தைய 90 நாளுக்கான வட்டி மட்டும் 32,490 ரூபாய். 1,600 செட்டால் வகுத்தால் செட்டுக்கு 20 ரூபாய். ஆகவே கொட்டேஷனில் இரண்டு விலை எழுதலாம்: டெலிவரியின்போது முழுப் பணம் என்றால் 700, 90 நாள் என்றால் 720. சில பள்ளிகள் இதைப் பார்த்ததும் பணத்தைப் புரட்டி 700க்கே வாங்கிக்கொள்கின்றன. ஒரே விலையை எழுதிக் கடனை அதற்குள் மறைத்து வைப்பவருக்கு இந்தப் பேரம் பேச இடமே இல்லை. அட்வான்ஸைத் துணி வாங்கும் செலவுக்காவது ஈடாகும்படி கேட்பதும் நியாயமே. சரக்குக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கும் கட்டத்தில் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை.

நாள் எண்ணுவதில்தான் உண்மையான தகராறு. “டெலிவரி முடிந்து 90 நாள்” என்ற வாசகத்தில் டெலிவரி எப்போது முடிகிறது? 1,600 செட்டும் மே மாதத்தில் மூன்று லோடாகப் போயிருக்கும். அளவு பொருந்தாத நாற்பது சட்டைகள் திரும்பி வந்து, ஜூலை இறுதியில் மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கும். பள்ளியின் கணக்காளர் 90 நாளை ஜூலை இறுதியிலிருந்து எண்ணுவார். பணம் அக்டோபருக்குப் போய்விடும். சட்டை ஒன்று 350 ரூபாய் என்றால் அந்த நாற்பதின் மதிப்பு 14,000. அதற்காக நிற்பது 8,82,000. கணக்காளர் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. தாளில் எழுதியிருப்பதைத்தான் அவர் படிக்கிறார். வாசகம் இப்படி இருக்க வேண்டும்: ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் அதன் டெலிவரி நாளிலிருந்து தனித்தனியாக நாள் எண்ணப்படும், குறை சொல்லப்பட்ட உருப்படிகளின் மதிப்பை மட்டுமே நிறுத்திவைக்கலாம். டெலிவரி சலானில் பள்ளி முத்திரை, பெயர், தேதி மூன்றும் வாங்குவதும் இதற்குத்தான். வாட்ச்மேன் கிறுக்கிய கையெழுத்து பின்னால் எதையும் நிரூபிக்காது.

தேதியிட்ட இந்தச் சலானுக்குச் சட்டத்திலும் வேலை உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் (2006) குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் எப்போது பணம் தர வேண்டும் என்று சொல்கிறது. எழுத்தில் கெடு இல்லாவிட்டால் 15 நாள். எழுத்தில் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. அதாவது 90 நாள் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தாலும் 45க்குப் பிறகு வட்டி ஓடத் தொடங்கும். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. விகிதம் 5.5 சதவீதமாக இருந்தால் வட்டி 16.5 சதவீதம். சரக்கு பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், பெற்ற நாளே ஏற்றுக்கொண்ட நாள்.

இந்தச் சட்டம் எல்லா விற்பனையாளருக்கும் கைகொடுக்காது. துணி வாங்கித் தைத்துத் தரும் நிறுவனம் உற்பத்தியாளர்; ஆர்டர் வருமுன்பே உத்யம் பதிவு இருந்தால் இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம். தைத்த உடையையோ சிவகாசி நோட்டுப் புத்தகத்தையோ வாங்கி விற்பவர் வியாபாரி. வணிகர்களும் 2021இலிருந்து உத்யமில் பதிவு செய்ய முடிகிறது. அவர்களுக்குக் கிடைப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பயன் மட்டுமே. தாமதப் பணத்துக்கான வட்டி கிடையாது. உத்யம் சான்றிதழை இன்வாய்ஸில் அச்சிட்டுவிட்டால் போதும் என்று நம்பும் ஸ்டேஷனரி வியாபாரிகள் இந்த வேறுபாட்டைத் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள்.

உரிமை உள்ளவர்களும் எளிதில் அதைப் பயன்படுத்துவதில்லை. மனு போட்டு, மாநில வசதி மன்றத்துக்கு ஒரு பள்ளியை இழுத்தால், அடுத்த ஆண்டு ஆர்டர் போய்விடும். பக்கத்து ஊர்த் தாளாளர் காதுக்கும் செய்தி எட்டும். ஆனாலும் மன்றம் தீர்ப்பளித்த பின் அதை எதிர்த்துப் போகும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இந்த விதி பேச்சுவார்த்தையின்போது பாரமான ஒரு துருப்பு.

நடைமுறையில் அதிகம் உதவுவது பின்தேதியிட்ட காசோலை. டெலிவரி நாளிலேயே மீதித் தொகைக்கு அறக்கட்டளைக் கணக்கிலிருந்து இரண்டு மூன்று காசோலைகளாக வாங்கிக்கொள்வார்கள். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். “அடுத்த மாதம் போடுங்கள்” என்ற வேண்டுகோளுக்கு இரண்டு முறை தலையாட்டினால் காலாவதியாகிவிடும். பணமின்றித் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது சேர்ந்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். இந்தக் கெடுக்களில் ஒன்றைத் தவறவிட்டால் காசோலையின் வலு குன்றிவிடும்.

காசோலையும் இல்லாமல் ஆண்டு முடிந்துவிட்டால் மார்ச் 31க்கு நிலுவை உறுதிக் கடிதம் வாங்குவார்கள். தங்கள் புத்தகத்தில் இன்ன விற்பனையாளருக்கு இவ்வளவு தர வேண்டியுள்ளது என்று பள்ளி கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கம் அது. தணிக்கைக்காக என்று கேட்டால் எந்தப் பள்ளியும் முகம் சுளிப்பதில்லை. பணப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்கும் கால வரம்பு மூன்று ஆண்டு; அதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்குகிறது. டிசம்பரில் அதே பள்ளி அடுத்த ஆண்டு விலை கேட்டு அழைக்கும்போது, புதிய கொட்டேஷனின் முதல் வரியில் இந்தப் பழைய பாக்கியையும், அது தீர்ந்த பிறகே துணி வெட்டப்படும் என்பதையும் எழுதிவிடுவார்கள்.